கர்ப்பகாலச் செக்கப், மாத்திரை நினைவூட்டல்: இருவர் போனிலும் ஒலிக்கும்படி அமைப்பது எப்படி?

கர்ப்பகாலத்துக்கு நினைவூட்டல் போடும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் தவறு நடக்கிறது. முதல் ஸ்கேனுக்குப் பிறகு பிரசவத் தேதி மாறியிருக்கும், காலண்டரில் பழைய தேதிகளே கிடக்கும். அல்லது காலண்டரைத் துணைவருடன் பகிர்ந்திருப்பீர்கள், ஆனால் அவர் போன் ஒருநாளும் ஒலித்திருக்காது. இந்த இரண்டையும் தவிர்க்கும் முறையை இங்கே ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு கூகுள் ஷீட், ஒரு கூகுள் காலண்டர், ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று, இவ்வளவு போதும்.

படி 1: பிரசவத் தேதியை ஒரே கட்டத்தில் வையுங்கள்

கர்ப்ப வாரங்களைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அந்த நாளோடு 280 நாட்களைக் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி வரும். இது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. சுழற்சி எப்போதும் 35 நாள் என்றால் ஏழு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உதாரணமாக, கடைசி மாதவிடாய் தொடங்கியது 2026 ஜனவரி 5. அப்படியானால் பிரசவத் தேதி அக்டோபர் 12. ஷீட்டில் B1 கட்டத்தில் இந்தப் பிரசவத் தேதியைப் போடுங்கள். A4 முதல் கீழே வார எண்களை எழுதி, B4-இல் கீழே உள்ள சூத்திரத்தைப் போட்டுக் கடைசி வரிசைவரை இழுத்துவிடுங்கள்.

```
=$B$1-280+7*A4
```

விடை தேதியாக வராமல் வெறும் எண்ணாக வந்தால், அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். இன்று எத்தனை வாரம் முடிந்திருக்கிறது என்று தெரிய இன்னொரு கட்டத்தில் இதைப் போடலாம்:

```
=INT((TODAY()-($B$1-280))/7)
```

மாதவிடாய் நாளை விட்டுவிட்டுப் பிரசவத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் பார்த்த பிறகு மருத்துவர் திருத்தித் தருவது பிரசவத் தேதியைத்தான். அப்போது B1-ஐ மட்டும் மாற்றினால் எல்லா வரிசையும் தானாக நகர்ந்துவிடும்.

படி 2: வாரங்களை எழுதுங்கள், காலண்டரில் ஏற்ற அவசரப்படாதீர்கள்

உலக சுகாதார அமைப்பு 2016-இல் வெளியிட்ட பரிந்துரை, குறைந்தது எட்டு முறை மருத்துவரையோ செவிலியரையோ சந்திக்கச் சொல்கிறது. முதல் சந்திப்பு 12 வாரத்துக்குள். பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40 வாரங்களில். உங்கள் மருத்துவர் இன்னும் அடிக்கடி வரச் சொன்னால் அவர் சொல்வதையே எழுதுங்கள்.

இவற்றோடு, காலம் தவறினால் திரும்பக் கிடைக்காத சில பரிசோதனைகளும் இருக்கின்றன. குழந்தையின் பின்கழுத்து நீர்த்தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேனை 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் எடுக்க முடியும். உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான பரிசோதனை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள். தாயின் ரத்தம் ஆர்எச் நெகட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தையொட்டி ஆன்டி-டி ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தொடக்க வாரம், முடிவு வாரம் இரண்டையும் ஷீட்டில் தனித்தனி வரிசையாகப் போடுங்கள். தொடங்கும் நாள் மட்டும் இருந்தால், அது தள்ளிப்போகும்போது இன்னும் எத்தனை நாள் மீதி என்று தெரியாமல் போய்விடும்.

முதல் ஸ்கேன் முடியும்வரை இவை ஷீட்டிலேயே இருக்கட்டும். காலண்டரில் முதல் சந்திப்பையும் முதல் ஸ்கேனையும் மட்டும் ஏற்றுங்கள்.

ஏன் என்பதை நம் உதாரணத்திலேயே பார்ப்போம். கணக்குப்படி மார்ச் 30 அன்று சரியாக 12 வாரம். அன்று ஸ்கேன் எடுத்தால் குழந்தையின் அளவு 10 வாரம் 6 நாள் என்று வருகிறது. எட்டு நாள் வித்தியாசம். இந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பொதுவாக ஸ்கேன் சொல்லும் தேதியையே எடுத்துக்கொள்வார்கள். அதன்படி மருத்துவர் பிரசவத் தேதியை அக்டோபர் 20 என்று மாற்றுகிறார். B1-இல் அதைப் போட்டவுடன் 20-ஆம் வாரம் மே 25-லிருந்து ஜூன் 2-க்கும், 24-ஆம் வாரம் ஜூன் 22-லிருந்து ஜூன் 30-க்கும் நகர்கின்றன. இன்னொன்றும் தெரியவருகிறது: என்.டி. ஸ்கேனுக்கு அன்று ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டார்கள். அதற்கான நாட்கள் மார்ச் 31 முதல் ஏப்ரல் 20 வரை. அதற்குள் மறுபடி போக வேண்டும்.

தேதி உறுதியான பிறகு மற்ற வரிசைகளைக் காலண்டரில் ஏற்றுங்கள். பிந்தைய ஸ்கேன்களின் அறிக்கையிலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகியிருக்கும், அது முன்பின் இருக்கலாம். அதைப் பார்த்து B1-ஐ மாற்றிவிடாதீர்கள். மருத்துவர் வாய்விட்டு "தேதியை மாற்றுகிறோம்" என்று சொன்னால் மட்டும் மாற்றுங்கள்.

படி 3: தனிக் காலண்டர் தொடங்கிப் பகிருங்கள்

கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, இடப்பக்கம் Other calendars அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, Create new calendar தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உள்ள உங்கள் காலண்டரில் இதைக் கலக்க வேண்டாம். அலுவலகத்தில் அதைப் பார்ப்பவர்கள் இருக்கலாம். பிறகு புதிய காலண்டரின் Settings and sharing பக்கத்துக்குப் போய்த் துணைவரின் மின்னஞ்சலைச் சேர்த்து, Make changes to events அனுமதி கொடுங்கள். பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்தால், மருத்துவமனை தேதியை மாற்றும்போது அவரால் திருத்த முடியாது.

அவருக்கு வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தினால்தான் காலண்டர் அவர் பட்டியலில் சேரும். இதோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. கூகுள் காலண்டரில் நிகழ்வு இருவருக்கும் பொது, ஒலிப்பது அவரவர் அமைப்பைப் பொறுத்தது. நீங்கள் வைத்த அலாரம் அவர் போனுக்குப் போகாது. அவர் தன் கணக்கில் இதே காலண்டரின் அமைப்புக்குப் போய் அறிவிப்புகளைத் தானே சேர்க்க வேண்டும்.

அங்கே இரண்டு பகுதிகள் இருக்கும்: Event notifications, All-day event notifications. முதலாவது நேரம் குறித்த நிகழ்வுகளுக்கு, இரண்டாவது நாள் முழுவதுக்குமான நிகழ்வுகளுக்கு. ஒன்றை மட்டும் நிரப்பினால் மற்ற வகை ஓசையில்லாமல் கடந்துபோகும். இரண்டையும் நிரப்புங்கள். நாள் முழுவதுக்குமான நிகழ்வுக்கு 14 நாள் முன்பு ஒன்று, முதல் நாள் மாலை ஒன்று வைக்கலாம். முந்தையது ஸ்கேனுக்கு நேரம் வாங்கவும் துணைவர் விடுப்புச் சொல்லவும். பிந்தையது மறுநாளுக்குத் தயாராக. சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் முதல் நாள் மாலை நினைவூட்டல்தான் காப்பாற்றும். பரிசோதனை நாள் காலையில் ஒலித்தால், அதற்குள் ஏதாவது சாப்பிட்டிருப்பீர்கள்.

சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி ஒரு நிகழ்வைப் போட்டு, அதற்கு ஐந்து நிமிட அறிவிப்பை இருவரும் தத்தம் போனில் வையுங்கள். இரண்டு போனும் ஒலித்தால் சரி. ஒன்று ஒலிக்காவிட்டால் அந்தப் போனின் காலண்டர் செயலியில் இந்தக் காலண்டருக்கு எதிரே டிக் இருக்கிறதா, செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: மாத்திரை நேரங்கள்

ஃபோலிக் ஆசிட் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாகும் குழாய் கர்ப்பக் கணக்கில் ஆறாவது வாரத்தையொட்டி மூடிவிடுகிறது. அதனால் முதல் சந்திப்புவரை தள்ளாமல் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ அளவு பல மடங்கு கூடும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரும்புச்சத்து தினம் 30 முதல் 60 மில்லிகிராம். அட்டையைப் படிக்கும்போது இங்கே குழப்பம் வரும். 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்று இருந்தால் அதில் இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான். அட்டையில் "எலிமென்டல் அயர்ன்" என்று தனியாகப் போட்டிருக்கும் எண்ணையே பாருங்கள்.

கால்சியம் எல்லாருக்கும் தேவைப்படாது. மருத்துவர் எழுதியிருந்தால் அதையும் இரும்பையும் சேர்த்துப் போடாதீர்கள், கால்சியம் இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். டீ, காபியும் அப்படித்தான். இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். ஒரு நாள் இப்படி அமையலாம்: காலை உணவோடு 8.30-க்குக் கால்சியம், மதிய உணவோடு 1.30-க்குக் கால்சியம், எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு முடித்து 10 மணிக்கு இரும்பு. இரவில் இருவரும் வீட்டில் இருப்பார்கள் என்பதும், குமட்டலைத் தூங்கியே கடக்கலாம் என்பதும் வசதி. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் முற்பகல் 11 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அப்போது மதியக் கால்சியத்தோடு இடைவெளி குறையாமல் பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் இவை இரண்டுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். மலச்சிக்கலோ வயிற்றுவலியோ அதிகமானால் வேறு வகை மாற்றித் தருவார்கள்.

படி 5: இருவர் போனிலும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டாம்

மாத்திரைக்கு இரண்டு போனும் ஒன்றாக ஒலித்தால் "நீ எடுத்துக் கொடுத்தாயா, நான் போட்டேனா" என்ற சந்தேகம் வரும். சில நாள் இரண்டு முறை போய்விடும். தாயின் போனில் 10 மணிக்கு "இரும்பு மாத்திரை" என்று ஒலிக்கட்டும். துணைவரின் போனில் 10.30-க்கு "பெட்டியைப் பார்" என்று ஒலிக்கட்டும். ஏழு நாள் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவைத்தால், அன்றைய அறை காலியா இல்லையா என்று அவர் ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார், கேள்வி கேட்டு நச்சரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம், வழக்கமான ஒன்று போதும்.

பெட்டி நிரப்பும்போதே கையிருப்பையும் எண்ணுங்கள். நிரப்பிய பிறகு அடுத்த வாரத்துக்குப் போதாது என்றால் அன்றே வாங்கும் பொறுப்பு துணைவருடையது என்று முன்னாலேயே பேசிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரத்தப்போக்கு, நீர் கசிவு, காய்ச்சல், கண் மங்கலோடு கடும் தலைவலி, குழந்தையின் அசைவு குறைவது, இவை வந்தால் காலண்டரில் அடுத்த தேதி எப்போது என்று பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு செக்கப் நிகழ்வின் விவரப் பகுதியிலும் எழுதிவையுங்கள்.

படி 6: கடைசி வரிசைகள்

காலண்டரை 40-ஆம் வாரத்தோடு முடித்துவிடாதீர்கள். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவு. 41-ஆம் வாரத்துக்கு ஒரு சந்திப்பைச் சேருங்கள். நம் உதாரணத்தில் அது அக்டோபர் 27. இரும்பு மாத்திரை அலாரத்துக்கும் பிரசவ நாளை முடிவாக வைக்க வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகும் 6 முதல் 12 வாரம் தொடரச் சொல்வது உண்டு. முடிவுத் தேதியைக் காலியாக விட்டு, மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாளில் கையால் நிறுத்துங்கள்.