அட்ரஸபிள் பேனலுக்கு அறை தெரியாது: டிடெக்டரைக் கழற்றி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஐடி பார்க்குகளில் ஃபயர் அலாரம் ஏஎம்சி வேலைக்கு வரும் நம் பையன்களில் பலர் கன்வென்ஷனல் பேனலில் கை பழகியவர்கள். அந்தப் பழக்கமே அட்ரஸபிள் பேனலில் காலை வாருகிறது. வயரை மாற்றிக் கொடுப்பது, பேட்டரி பார்க்க மறப்பது எல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுவோம்.

ஹெட்டை இடம் மாற்றி மாட்டுவது

கன்வென்ஷனல் பேனல் ஒரு ஸோனின் இரண்டு வயரில் ஓடும் கரண்டை மட்டும் பார்க்கிறது. எந்த டிடெக்டர் புகையைப் பிடித்தாலும் கரண்ட் ஏறும், அந்த ஸோனின் விளக்கு எரியும். ஒரு ஸோனில் 20 டிடெக்டர் இருந்தால், எது என்று ஆள் போய்த்தான் தேட வேண்டும். அதனால் அங்கே ஒரே மாடல் ஹெட்டுகளை மாற்றி மாட்டினாலும் கெடுதல் இல்லை.

அட்ரஸபிள் லூப்பில் பேனல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுப் பதில் வாங்குகிறது. எண் 47 அலாரம் என்றால், 47-க்கு எதிரே யாரோ டைப் செய்துவைத்த வரியைத் திரையில் காட்டும். அவ்வளவுதான். அந்த டிடெக்டர் எந்தக் கூரையில் தொங்குகிறது என்று பேனலுக்குத் தெரியவே தெரியாது.

பல மேக்குகளில் அட்ரஸ் சுவிட்ச் ஹெட்டின் முதுகிலேயே இருக்கும். நாலாவது மாடியில் 47 மீட்டிங் ரூம், 48 யுபிஎஸ் ரூம் என்று வையுங்கள். சுத்தம் செய்ய இரண்டையும் கழற்றி ஒரே பெட்டியில் போட்டு, கைக்கு வந்ததை மாட்டியாகிவிட்டது. இரண்டும் புகை டிடெக்டர். இரண்டு எண்ணும் பதில் சொல்கின்றன. பேனலில் ஃபால்ட் ஏதும் வராது. (ஒன்று ஹீட் டிடெக்டராக இருந்தால் பெரும்பாலான பேனல்கள் வகை பொருந்தவில்லை என்று கத்தியிருக்கும்.) யுபிஎஸ் ரூமில் புகை கிளம்பும்போது திரையில் வருவது:

```
L1 D047 4F MEETING ROOM
```

செக்யூரிட்டி மீட்டிங் ரூமுக்கு ஓடுவார், ஒன்றும் இருக்காது, ஃபால்ஸ் அலாரம் என்று ரீசெட் அடிப்பார். ஸோன் பேனலாக இருந்திருந்தால் மாடி முழுக்கத் தேடியிருப்பார். தப்பான துல்லியம் வந்து தேடலையே நிறுத்திவிடுகிறது. இன்றும் இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது, ஏனென்றால் தடுக்க ஒரு மார்க்கர் போதும். கழற்றும் முன் பேஸிலும் ஹெட்டிலும் எண்ணை எழுதுங்கள், ஒன்றை மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள். முடிந்ததும் ஒருவர் டெஸ்ட் ஸ்ப்ரே அடிக்க, இன்னொருவர் பேனல் முன் நின்று திரையில் வருவதைப் போனில் வாசிக்கட்டும். எண் மட்டும் போதாது, அறைப் பெயரையும் வாசிக்க வேண்டும்.

அட்ரஸ் பேஸில் இருக்கும் மேக் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பார்ட்டிஷன் மாறியும் பழைய பெயர்

அறை மாறினால் அன்றே பேனலில் பெயரை மாற்றுங்கள்.

தேடும் முன் ரீசெட்

கன்வென்ஷனலில் டிடெக்டரில் எரியும் சிவப்பு விளக்குதான் ஒரே தடயம். ரீசெட் அதை அணைத்துவிடும். அட்ரஸபிளில் ஈவென்ட் லாக் காப்பாற்றும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலா, கீழா?

ஒரே இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். பேனலில் உள்ள பெயரிலேயே எது என்று எழுதாவிட்டால், கீழே புகை இல்லை என்று ஆள் திரும்பிவிடுவார்.