நிஃப்டி புட் விற்பவர்கள் டெல்டாவில் சறுக்கும் இடங்கள்

"ஒரு மாத எக்ஸ்பயரி, 16 டெல்டா புட், விற்றுவிட்டு இரு." புட் விற்கப் பழகும் பலருக்கும் முதலில் கிடைக்கும் சூத்திரம் இதுதான். நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் புட்டின் விலை எவ்வளவு நகரும் என்பதுதான் டெல்டா; 0.16-ஐத்தான் 16 என்கிறார்கள். சூத்திரம் மோசமில்லை. ஆனால் அந்த 16 எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரியாமல் ஸ்ட்ரைக் எடுப்பவர்கள் ஒரே மாதிரியான நாலைந்து இடங்களில்தான் அடி வாங்குகிறார்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நிஃப்டி ஃப்யூச்சர் 25,000. எக்ஸ்பயரிக்கு 30 நாள். 24,100 புட்டின் ஐவி, அதாவது அதன் விலையில் அடங்கிய ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு, 13 சதவீதம். வட்டியை விட்டுவிட்டு பிளாக்-ஷோல்ஸ் முறையில் போட்டால் டெல்டா 0.16, பிரீமியம் சுமார் 79 புள்ளி. கீழே வரும் எண்களெல்லாம் இதே கணக்கில் வந்தவை. சந்தையில் சில புள்ளிகள் முன்பின் இருக்கும்.

0.16 என்றால் நூற்றுக்கு 84 தடவை ஜெயம் என்று எடுத்துக்கொள்வது முதல் சறுக்கல். எக்ஸ்பயரி நாளன்று நிஃப்டி 24,100-க்குக் கீழே முடிய மாடல் தரும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். அதுவரை சரி. ஆனால் இடையில் ஏதோ ஒரு நாள் 24,100-ஐத் தொடும் வாய்ப்பு கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. அதாவது மூன்று மாதத்துக்கு ஒரு மாதம் உங்கள் ஸ்ட்ரைக் தொடப்படும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும். தொட்ட அன்று பயந்து வெளியேறுபவருக்கு 84 சதவீதம் என்ற எண்ணால் பயனில்லை.

திரையில் தெரியும் டெல்டா எந்த ஐவியிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். நிஃப்டியில் கீழே போகப் போக புட்டின் ஐவி ஏறும். அட்-தி-மணி ஐவி 11 என்று வையுங்கள். எல்லா ஸ்ட்ரைக்குக்கும் அந்த 11-ஐயே போட்டுக் கணக்கிடும் ஆப்ஷன் செயினில் இதே 24,100 புட் 0.12 டெல்டா என்று தெரியும். 16 வேண்டும் என்று தேடுபவர் இன்னும் மேலே ஏறி, சந்தைக்கு நெருக்கமான ஸ்ட்ரைக்கை எடுத்துவிடுவார். செயினில் ஐவி பத்தியைத் திறந்து பாருங்கள். எல்லா வரிசையிலும் ஒரே எண் இருந்தால் அந்த டெல்டாவை நம்பி ஸ்ட்ரைக் எடுக்காதீர்கள்.

அடுத்தது, நம் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: சந்தை அமைதியாக இருக்கும்போதும் அதே 16-ஐப் பிடித்துக்கொண்டிருப்பது. ஐவி 26 இருக்கும்போது 0.16 டெல்டா 23,300-ஐ ஒட்டிக் கிடைக்கும். சந்தையிலிருந்து 1,700 புள்ளி தூரம், பிரீமியமோ 165 வரை. ஐவி 9-க்கு இறங்கிவிட்டால் அதே 0.16 டெல்டா 24,375-க்கு வந்து நிற்கும். தூரம் வெறும் 625 புள்ளி, இரண்டரை சதவீதம். கையில் வருவது 55 புள்ளியை ஒட்டி. டெல்டா மாறவில்லை, ஆனால் குறைந்த காசுக்கு சந்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் ஐவி ஏறுவதற்கு நிறைய இடம் இருக்கும் நேரத்தில்.

இதற்குப் பயந்து "எப்போதும் நாலு சதவீதம் கீழே" என்று தூரத்தை மட்டும் பிடித்துக்கொள்வதும் சரிவராது. ஐவி 13-ல் 0.16 ஆக இருந்த 24,100 புட், ஐவி 26-ல் 0.30 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டெல்டா 0.16-ஐத் தாண்டக் கூடாது, தூரமும் மூன்றரை சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் பொருந்தும் ஸ்ட்ரைக்கில் 30, 35 புள்ளிதான் கிடைக்கிறது என்றால் அந்த மாதம் விற்காமல் விடலாம்.

டெல்டாவை அப்படியே வைத்துக்கொண்டு நாளை மட்டும் குறைப்பது இன்னொன்று. ஐந்து நாளில் முடியும் வார எக்ஸ்பயரியில், அதே ஐவியில், 24,600 புட்டின் டெல்டா 0.14, பிரீமியம் 28. ஐந்து நாளில் 28, முப்பது நாளில் 79 என்றால் முதலாவதுதான் லாபமாகத் தோன்றும். விற்ற உடனே நிஃப்டி 500 புள்ளி விழட்டும், ஐவி மாறாமல் இருக்கட்டும். மாதப் புட் 79-லிருந்து 196 ஆகும், இரண்டரை மடங்கு. வாரப் புட் 28-லிருந்து 204 ஆகும், ஏழு மடங்குக்கு மேல். நாள் குறையக் குறைய காமா, அதாவது டெல்டா மாறும் வேகம், கூடுவதன் விளைவு இது. மாதப் புட்டில் யோசிக்க நேரம் இருக்கும். வாரப் புட் அதற்குள் இன்-தி-மணி ஆகியிருக்கும்.

மாதப் புட்டுக்கும் அதன் வலி உண்டு: அது ஐவிக்கு அதிகம் அசையும். அதே 500 புள்ளி வீழ்ச்சியோடு ஐவியும் 16-க்கு ஏறினால் (பெரும்பாலும் ஏறும்) 24,100 புட் 273 ஆகும், டெல்டா 0.35. "பிரீமியம் இரண்டு மடங்கானால் ஸ்டாப்" என்று வைத்திருப்பவர் இதற்கு வெகு முன்பே வெளியேறியிருப்பார். ஸ்ட்ரைக் இன்னும் 400 புள்ளி கீழேதான் இருக்கிறது. ஆகவே ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதை, பிரீமியம் எவ்வளவு துள்ளும் என்று பார்த்து, விற்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கடைசி வாரம்தான் தீட்டா, அதாவது நாள் கழிவதால் பிரீமியம் கரைவது, வேகமாக இருக்கும் என்று நம்பி முழு 79-க்கும் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த விதி அட்-தி-மணி ஆப்ஷனுக்கு உரியது. தூரத்து ஸ்ட்ரைக்கில் கதை வேறு. நிஃப்டி 25,000-லேயே நின்றால் 24,100 புட் 20 நாள் மிச்சமிருக்கும்போது 41-க்கும், 15 நாள் மிச்சமிருக்கும்போது 24-க்கும் வந்துவிடும். பத்து நாளிலேயே ஏறக்குறைய பாதி கையில். பின்பாதி 15 நாள் காத்திருந்தால் கிடைக்கப்போவது 24 புள்ளி மட்டும். அந்த நாட்களில் நிஃப்டி ஸ்ட்ரைக்கை நெருங்கினால் காமாவும் வேகமாக ஏறும். எனவே விற்ற கையோடு 40-க்குத் திரும்ப வாங்கும் ஆர்டர் ஒன்றைப் போட்டுவிடலாம். அது நிறைவேறாவிட்டாலும் பத்து, பன்னிரண்டு நாள் மிச்சமிருக்கும்போது மூடிவிடலாம்.

எத்தனை லாட் என்பதை டெல்டா சொல்லாது. ஒரு லாட் 65 என்று கொண்டால் 24,100 புட்டில் கிடைப்பது ரூ.5,135. அதன் பின்னால் நிற்கும் பொறுப்போ 15 லட்சத்துக்கு மேல். மார்ஜின் இதில் ஒரு பங்குதான் என்பதால் இருக்கிற பணத்துக்கெல்லாம் லாட் எடுக்கத் தோன்றும். 2024 ஜூன் 4 தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி 23,263.90-லிருந்து 21,884.50-க்கு இறங்கியது, ஒரே நாளில் 5.9 சதவீதம். நம் உதாரணத்தில் அதே வீழ்ச்சி வந்தால் நிஃப்டி 23,520-ஐ ஒட்டி நிற்கும். புட் 580 புள்ளி இன்-தி-மணி. டைம் வேல்யூவைச் சேர்க்காமலேயே ஒரு லாட்டுக்கு நஷ்டம் ரூ.32,000-க்கு மேல், மார்ஜினும் அன்றே உயரும்.

அந்த ஜூன் 7-ஆம் தேதியே நிஃப்டி மீண்டும் 23,290-ல் முடிந்தது. மூன்று நாள் தாக்குப்பிடிக்க இடம் விட்டிருந்தவரின் ஸ்ட்ரைக் தப்பியது. மார்ஜின் முழுவதையும் போட்டு லாட் எடுத்திருந்தால், அதே ஸ்ட்ரைக்கை 4-ஆம் தேதி மதியமே புரோக்கர் மூடியிருப்பார்.