வாய்தா கேட்கும்போது சறுக்கும் இடங்கள்: ஊட்டி விடுதியும் கரூர் பில்லும்

ஊட்டியில் மே மாதம் முடிந்ததும் விடுதிக்காரர்கள் முதலில் பார்ப்பது துணிகளைத்தான். சீசன் கூட்டத்தில் கிழிந்த, கறை ஏறிய விரிப்புகளையும் துண்டுகளையும் கழித்துவிட்டு, செப்டம்பர் இரண்டாம் சீசனுக்கு முன்பே புதிது வாங்கி வைப்பார்கள். பெரும்பாலும் சரக்கு கரூரிலிருந்து வரும். சரக்கு ஜூனில் இறங்குகிறது, பணம் கொடுக்கவேண்டிய நாள் ஜூலைக் கடைசியில் வருகிறது. அதுவோ தென்மேற்குப் பருவமழையின் உச்சம். ரெட் அலர்ட் வந்தால் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள், பதிவு செய்த அறைகளும் ரத்தாகும். வாய்தா கேட்கவேண்டிய நிலை வருவது இப்படித்தான்.

கேட்பதில் தவறில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரே ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம்.

இருபத்து நான்கு அறை கொண்ட விடுதி. கரூர் நெசவுக்கூடம் ஒன்றிலிருந்து விரிப்பு, தலையணை உறை, துண்டு வாங்கியதற்கு ஜிஎஸ்டி சேர்த்து பில் 2,52,000 ரூபாய். சரக்கு வந்து சரிபார்த்து ஏற்றுக்கொண்ட நாள் ஜூன் 12. ஆர்டரிலேயே 45 நாள் கடன் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் கெடு ஜூலை 27. விடுதிக்கு வரவேண்டியது ஒன்று இருக்கிறது: மே மாதம் குழுக்களை அனுப்பிய கோவை டிராவல்ஸ் ஒன்று 3,10,000 ரூபாய் தரவேண்டும். ஆகஸ்ட் 8-ல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கெடு எது என்றே தெரியாமல் கேட்பது

முதல் சறுக்கல் இங்கேதான். பில்லில் அச்சிட்டிருக்கும் நாளைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். விற்பவர் மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உள்ளே வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், ஆனால் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். மேலே சொன்ன ஆர்டரில் அந்த 45 நாள் வரி இல்லாமல் போயிருந்தால் கெடு ஜூன் 27-லேயே முடிந்திருக்கும். ஜூலை 20-ல் "இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே" என்று நினைத்துப் பேசுகிறவர், உண்மையில் மூன்று வாரம் பிந்தியவர்.

இதைவிடப் பெரிய தவறு, "அவரே ஒத்துக்கொண்டார், அப்புறம் என்ன" என்று நினைப்பது. விற்பவர் மனமுவந்து கெடுவை நீட்டினாலும் சட்டத்தின் 45 நாள் நீளாது. 46-ஆம் நாளிலிருந்து வட்டி ஓடும். அது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 5.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 16.5 சதவீதம். பெரும்பாலான விற்பனையாளர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்கும் உரிமை மட்டும் அவரிடம் இருந்துகொண்டே இருக்கிறது, உறவு கெட்டால் முதலில் எடுப்பதும் அதைத்தான்.

வருமான வரியிலும் இதற்கு ஒரு வால் உண்டு. இந்தச் சட்டக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த நிதியாண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஜூலையின் பாக்கியை ஆகஸ்டில் தீர்த்தால் இரண்டும் ஒரே ஆண்டு, பாதிப்பில்லை. பிப்ரவரி 10-ல் ஏற்றுக்கொண்ட சரக்குக்கு மார்ச் 27-ல் கெடு முடியும்போது ஏப்ரல் 15-க்கு வாய்தா வாங்கினால், அந்தத் தொகை அந்த ஆண்டின் லாபத்தில் அப்படியே நின்று வரி கேட்கும். எனவே ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கும் சரக்குக்கு வாய்தா கேட்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடையில் வாங்கி விற்கும் வியாபாரியிடம் எடுத்த சரக்குக்கு இந்த 45 நாள் விதி பொருந்தாது. உற்பத்தியாளரா வியாபாரியா என்று உத்யம் சான்றிதழில் பார்த்துவிடலாம்.

தேதி என்று சொல்லிவிட்டுத் தேதி சொல்லாதது

"பார்ட்டி பணம் வந்ததும் போட்டுவிடுகிறேன்", "மழை விட்டதும்", "மாசக் கடைசிக்குள்ள". இவை எதுவும் தேதி இல்லை. விற்பவர் தன் நூல்காரருக்கும் தறிக் கூலிக்கும் பதில் சொல்லவேண்டியவர், உங்கள் பில்லுக்கான ஜிஎஸ்டியையும் பணம் வாங்காமலே ஏற்கெனவே கட்டியவர். ஜூன் மாத பில் என்றால் அதிலுள்ள 12,000 ரூபாய் ஜிஎஸ்டிக்கு ஜூலையிலேயே அவர் கணக்குக் காட்டியிருப்பார். அவருக்கு வேண்டியது நாளும் கிழமையும் தொகையும்.

அவசரத்தில் சொல்லும் தேதி இன்னும் மோசம். ஆகஸ்ட் 8-ல் டிராவல்ஸ் பணம் வருகிறது, ஆகவே ஆகஸ்ட் 8-ல் தருகிறேன் என்று சொல்லத் தோன்றும். காலண்டரைப் பாருங்கள்: அன்று இரண்டாம் சனி என்றால் வங்கி இல்லை. நெஃப்ட் எல்லா நாளும் ஓடும் என்றாலும், எதிர்த்தரப்பு செக் கொடுக்கிறவராக இருந்தால் அன்று எதுவும் நடக்காது. அவர்களுடைய பழைய பில்களையும் புரட்டுங்கள். கடந்த இரண்டு முறை சொன்ன நாளைவிட நான்கு, ஐந்து நாள் பிந்தியிருந்தால் இந்த முறையும் அப்படித்தான். 8 என்பது 13 வியாழன் ஆகிறது. வெள்ளியை விட்டால் 15 சுதந்திர தினம், 16 ஞாயிறு. வெள்ளிக்கிழமையை நம்பி வாக்குக் கொடுப்பதைவிட ஆகஸ்ட் 18, செவ்வாய் என்று சொல்வது நல்லது. இருபத்திரண்டு நாள் நீட்டிப்பு. பத்து நாள் கேட்டுத் தவறுவதைவிட இருபத்திரண்டு நாள் கேட்டுக் காப்பாற்றுவது விற்பவருக்கே உபகாரம், ஏனென்றால் அவர் அதை வைத்துத் தன் கணக்கைப் போடுவார்.

முழுவதையும் தள்ளிப் போடுவதும் தேவையில்லாத தவறு. ஜூலை 27-ல் சம்பளம், கரண்ட், லாண்டரி எல்லாம் ஒதுக்கிய பிறகு கணக்கில் 80,000 மிஞ்சும் என்றால், 77,000-ஐ கெடு நாளிலேயே கொடுத்துவிடுங்கள். பாக்கி 1,75,000. அதற்கு 22 நாள் வட்டி 16.5 சதவீதத்தில் சுமார் 1,740 ரூபாய். அதையும் சேர்த்துத் தருகிறேன் என்று நீங்களே சொன்னால் அந்தக் கடிதத்தின் எடையே மாறிவிடும். சட்டப்படி கொடுக்கவேண்டியதும் அதுதான்.

எப்போது, யாரிடம், எப்படி

கெடுவுக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு. கெடு நாள் காலையில் கேட்பது தகவல் சொல்வதுதான், கேட்பது அல்ல. அதற்குள் அவர் உங்கள் பணத்தை வைத்து இன்னொருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பார்.

முதலில் முதலாளியிடம் போனில் பேசுங்கள், பிறகு அதையே எழுத்தில் அவருக்கும் கணக்கருக்கும் அனுப்புங்கள். போனோடு நிறுத்தினால் கணக்கரின் லெட்ஜரில் பழைய தேதியே நிற்கும், ஆகஸ்ட் முதல் வாரம் அவர் பாக்கிக்குப் போன் செய்வார், அடுத்த ஆர்டரை நிறுத்தியும் வைப்பார். காரணத்தை ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். மழை, நிலச்சரிவு, கட்டுப்பாடு என்று அரைப் பக்கம் எழுதினால், அது அடுத்த மாதமும் தொடருமோ என்ற பயம்தான் அவருக்கு வரும். எங்கிருந்து பணம் வரப்போகிறது என்பதைச் சொன்னால் போதும். இப்படி:

"வணக்கம் சார். உங்கள் ஜூன் 12 பில் 2,52,000 ரூபாய்க்கு ஜூலை 27 கெடு. மழையால் ஜூலையில் அறை வருமானம் குறைந்துவிட்டது. 77,000 ரூபாயை ஜூலை 27 திங்கள் அன்றே அனுப்புகிறேன். மீதி 1,75,000-ஐ ஆகஸ்ட் 18 செவ்வாய்க்கிழமை, 22 நாள் வட்டி 1,740 ரூபாயுடன் அனுப்புகிறேன். மே மாதக் குழுக்களுக்காக எங்களுக்கு வரவேண்டிய 3,10,000 ரூபாய் அதற்குள் வந்துவிடும். இது உங்களுக்குச் சரியா என்று பதில் அனுப்புங்கள். அதுவரை புதிய கடன் ஆர்டர் எதுவும் போடமாட்டேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வாய்தா வாங்கிய அடுத்த வாரமே இன்னும் முப்பது துண்டு கடனில் கேட்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அவசரம் என்றால் அதற்கு ரொக்கம்.

செக்கில் மாட்டிக்கொள்வது

"நம்பிக்கைக்கு ஒரு செக் கொடுங்கள்" என்று கேட்டால், ஆகஸ்ட் 18 தேதியிட்டுக் கொடுக்க மனம் வரும். அந்தப் பணம் வரும் என்ற உறுதி இல்லாமல் கொடுக்கவேண்டாம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வருகிறது: வங்கி திருப்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்பலாம், அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டியாகவேண்டும், இல்லையென்றால் குற்ற வழக்கு. சாதாரணப் பாக்கி அந்தக் கட்டத்தில் வேறு விஷயமாகிவிடுகிறது.

ஜூலை 27 தேதியிட்ட செக் ஏற்கெனவே அவர் கையில் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். வங்கியில் பேமென்ட்டை நிறுத்தச் சொல்லித் தப்பிக்க முடியாது, அதுவும் 138-க்குள் வரும். செக் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால், புதிய செக் கொடுத்துவிட்டுப் பழையதை அவரிடமே விட்டால் இரண்டையும் போட முடியும். பழையதைக் கையில் வாங்கிய பிறகே புதியதைக் கொடுங்கள். கரூர் வரை போக முடியாதென்றால் அதைக் கிழித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

டிராவல்ஸ் பணம் ஆகஸ்ட் 13-லும் வரவில்லை என்றால் 17 வரை காத்திருக்காமல் அன்றே கரூருக்குப் போன் செய்யுங்கள். கையில் இருப்பது 60,000 என்றால் அதை 18-ல் அனுப்பி, மீதி 1,15,000-க்கு இன்னொரு நாளும் அதுவரைக்கான வட்டியும் சொல்லுங்கள். மூன்றாவது தேதி கேட்கும் நிலை வந்தால் அது தற்காலிகப் பணமுடை இல்லை. வங்கியிடம் ஓவர்டிராஃப்ட் பேசவேண்டிய இடம் அது.

பணம் வந்துவிட்டால் 18-ஆம் தேதி காலையிலேயே அனுப்பி, பில் எண்ணையும் வங்கியின் யூடிஆர் எண்ணையும் கணக்கருக்கு எழுதி, லெட்ஜர் பாக்கி பூஜ்யம் என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.