மன்னிப்புக் கேளுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள்

வீட்டு உபயோகப் பொருள் பழுதுபார்க்கும் கடையைப் புதிதாகத் திறந்தவர்களுக்கு முதல் பெரிய புகார் வந்ததும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒரு வகையினர் முழுச் சரணாகதி அடைந்துவிடுவார்கள். மற்ற வகையினர் வக்கீல் நோட்டீஸ் எழுதுவார்கள். வாடிக்கையாளர் பெயரை மாற்றி எழுதுவது, மூன்று நாள் கழித்துப் பதில் போடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் செய்தியிலேயே காரணத்தைச் சொல்வது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை கடைப் பையன் ஒரு வீட்டுக்குப் போய் வாஷிங் மெஷினின் இன்லெட் ஹோஸை மாற்றிவிட்டு வருகிறான். ஞாயிறு காலை எட்டு மணிக்குச் செய்தி வருகிறது: "எழுந்து பார்த்தா வீடு முழுக்கத் தண்ணி. நேத்து உங்க ஆள் ஹோஸ் மாத்தினதுக்கு அப்புறம்தான். கீழ் வீட்டு சீலிங்கும் ஊறிப்போச்சு. என்ன பண்ணப் போறீங்க?"

நல்ல மனசுள்ள கடைக்காரர் உடனே தட்டுகிறார்: "ஐயோ, சாரி மேடம். எங்க பையன் வாஷர் போடாம விட்டுட்டான் போல. முழுக்க எங்க தப்புதான். கீழ் வீட்டுச் செலவையும் சேர்த்து நாங்களே பாத்துக்கிறோம்."

இதில் 'சாரி'யால் பெரிய ஆபத்து இல்லை. அதற்குப் பின்னால் வரும் மூன்று வாக்கியங்கள்தான் விலை கொடுக்க வைப்பவை. முதலாவது, பார்க்காமலே சொன்ன காரணம். இரண்டாவது, பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்ற தீர்ப்பு. மூன்றாவது, அளவே இல்லாத வாக்குறுதி. சீலிங்குக்கு மட்டும் என்று அவர் மனதில் நினைத்திருக்கலாம். ஆனால் அந்தச் செய்தியைக் கீழ் வீட்டுக்காரருக்கு அனுப்பிவைக்க ஒரு விநாடி போதும். அவர் வீட்டுக் கட்டில், மடிக்கணினி, பெயின்ட் கூலி எல்லாம் அந்த 'செலவு' என்ற ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

பதினொரு மணிக்கு நேரில் போய்ப் பார்த்தால் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயின் மரைப் பகுதியில்தான் விரிசல். அது பழைய விரிசலா, நேற்று ஹோஸை அளவுக்கு மீறி முறுக்கியதால் வந்ததா, கட்டடத்தில் பிரஷர் பம்ப் ஓடுவதால் இரவில் அழுத்தம் ஏறிப் பிளந்ததா, மெஷின் ஓடாத நேரத்திலும் குழாய் ஏன் திறந்தே இருந்தது என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரருக்குப் பொறுப்பு இருக்கலாம், பாதி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இப்போது இதை எடுத்துச் சொன்னால், "காலைல தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க, இப்ப மாத்திப் பேசுறீங்களே?" என்றுதான் கேட்பார்கள். உண்மையைச் சொல்லும்போது பொய்யர் போலத் தெரிவார். மன்னிப்பின் மதிப்பும் அதோடு போயிற்று.

சட்டப்படி என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவர் தனக்கு எதிராகப் போகக்கூடிய விஷயத்தைத் தானே சொல்லியிருந்தால் அதை 'ஒப்புதல்' என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மின்னணுப் பதிவையும், அதற்குரிய சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். ஒப்புதல் என்பதாலேயே அது முடிந்த முடிவு ஆகிவிடாது. தவறான புரிதலில் சொன்னேன் என்று விளக்க இடம் உண்டு. ஆனால் விளக்கும் சுமை இப்போது கடைக்காரர் தலையில். நுகர்வோர் ஆணையங்கள் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவெடுப்பவை. அங்கே "முழுக்க எங்க தப்புதான்" என்ற ஸ்கிரீன்ஷாட்டுக்கு எதிராக, யாரும் படம் எடுக்காத ஒரு விரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

காப்பீடு இருந்தால் இன்னொரு அடி. மூன்றாம் நபர் இழப்பை ஈடுகட்டும் பாலிசிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, கொடுக்கவோ கூடாது. பிரீமியம் கட்டிய வருடங்கள் எல்லாம் ஞாயிறு காலை அனுப்பிய ஒரு செய்தியால் தகராறுக்குப் போகலாம். உங்கள் பாலிசியில் அந்த வரியை இன்றே தேடிப் பாருங்கள்.

சரி, எப்படி எழுதலாம்?

"மேடம், காலைல எழுந்ததுமே வீடு முழுக்கத் தண்ணியா இருந்திருக்கு. கேக்கவே ரொம்ப வருத்தமா இருக்கு. உங்களுக்கும் கீழ் வீட்டுக்காரங்களுக்கும் இவ்வளவு சிரமம் ஆனதுக்கு மன்னிச்சிடுங்க. மெஷினுக்குப் போற குழாயை மட்டும் இப்ப மூடிடுங்க. தண்ணில நின்னுக்கிட்டு பிளக்கையோ சுவிட்சையோ தொட வேண்டாம். நான் 11 மணிக்குள்ள நேர்ல வர்றேன். ஹோஸைக் கழட்டாம அப்படியே இருக்கட்டும். நனைஞ்ச பொருளையெல்லாம் போட்டோ எடுத்து வைங்க. எதனால ஆச்சுன்னு பார்த்து, நாளைக்கு சாயங்காலம் 6 மணிக்குள்ள எழுத்துலயே சொல்றேன்."

இதில் வருத்தம் குறைவாக இல்லை. சொல்லப்போனால் முதல் செய்தியைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அவர் காலையில் எதைப் பார்த்தார் என்பதை அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்கிறது. வருத்தம் அவருக்கு நேர்ந்ததைப் பற்றியது, அது ஏன் நேர்ந்தது என்பதைப் பற்றியது அல்ல. வாக்குறுதிகள் எல்லாம் நிறைவேற்றக்கூடிய செயல்கள்: வருவது, பார்ப்பது, இன்ன நேரத்துக்குள் சொல்வது. ஹோஸைக் கழற்ற வேண்டாம் என்பதும் போட்டோ எடுக்கச் சொல்வதும் இருவருக்குமே பயன்படும். கடைக்காரர் மேல்தான் தவறு என்றால் அந்தப் போட்டோ வாடிக்கையாளர் பக்கம் நிற்கும். அப்படி நிற்பதுதான் நியாயம்.

பதினொரு மணி என்று சொன்னால் பத்தே முக்காலுக்குப் போய் நில்லுங்கள். நேரம் தவறினால் மேலே எழுதிய வருத்தம் முழுவதும் நடிப்பாகிவிடும்.

இதற்கு எதிர்த்திசையிலும் அதே தவறு நடக்கிறது. "உங்க குழாய் பழசு மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?" இதுவும் பார்க்காமல் சொன்ன காரணம்தான். சட்டத்தில் சிக்காமல் இருக்கலாம், ஆனால் புகார் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவதற்கு இதைவிடக் குறுக்குவழி இல்லை.

"அசௌகரியம் ஏதேனும் ஏற்பட்டிருந்தால்"

ஏற்பட்டிருக்கிறது. அதனால்தான் எழுதியிருக்கிறார். 'இருந்தால்' என்பதை எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு மாதிரிக் கடிதத்தைத் தமிழில் போடுவது

இணையத்தில் கிடைக்கும் மன்னிப்புக் கடித மாதிரிகளில் சில, மன்னிப்புக்குச் சட்டப் பாதுகாப்பு உள்ள இடங்களுக்காக எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே ஆண்டு மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஹாங்காங் 2017இல் போட்டது. ஹாங்காங்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் "எங்கள் தவறு, மன்னியுங்கள்" என்று எழுதினால்கூட அதைப் பொறுப்புக்குச் சான்றாகப் பொதுவாகக் காட்ட முடியாது. இந்தியாவில் எல்லா வழக்குக்கும் பொருந்தும் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. வான்கூவர் கடைக்காரர் தைரியமாக எழுதும் வரியை மதுரையில் எழுதும்போது அந்தக் கவசம் கூடவே வராது.

மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்' போடுவது

மன்னிப்புச் செய்தியின் தலையில் இதைப் போட்டால் படிப்பவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார், தெரிந்த வக்கீலைத்தான் தேடுவார். அதன் இடம் சமரசப் பேச்சு: இவ்வளவு தொகைக்கு முடித்துக்கொள்ளலாமா என்று இருதரப்பும் பேசும்போது, இந்தப் பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுபோவதில்லை என்ற புரிதலுக்காக. எதற்கும் இருக்கட்டும் என்று ஒருதலையாக ஒட்டிவிட்டால், கீழே எழுதிய எல்லாவற்றுக்கும் அது காவல் நிற்கும் என்று நம்ப வேண்டாம். மன்னிப்பு ஒரு செய்தி, பேரம் வேறொரு கடிதம். இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

கடைப் பையனை அனுப்பி மன்னிப்புக் கேட்க வைப்பது

அவன் அங்கே சொல்வதும் கடையின் வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். முதலாளி போக வேண்டும்.

தெரிந்த தவறை மூடி மறைப்பது

இதுவரை சொன்னது காரணம் தெரியாத நேரத்துக்கு. தெரிந்த பிறகும் 'ஆய்வில் உள்ளது' என்று நாள் கடத்துவது ஏமாற்று வேலை. சிறு விஷயங்களில் சுற்றி வளைக்கவே வேண்டாம். நீல ஹோஸ் கேட்டவருக்குச் சாம்பல் நிறம் கொடுத்தீர்களா? "மாத்திக் கொடுத்துட்டோம், இன்னைக்கே சரி பண்ணிடறோம்" என்று நேராகச் சொல்லுங்கள். இருநூறு ரூபாய் விஷயத்துக்கு வக்கீல் பாஷை பேசுபவரைப் பெரிய விஷயத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெரிய சேதத்தில், ஆய்வு முடிந்து தவறு உங்களுடையதுதான் என்று தெரிந்தால், காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வழக்கறிஞரிடமும் பேசிவிட்டு, சொன்ன நேரத்துக்குள் அதை எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் கூடுதலாக வேண்டுமென்றால் அதையும் கெடு முடியும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் காத்திருக்கவும் கூடாது. அதே சரக்கு ஹோஸ் இன்னும் சில வீடுகளில் மாட்டியிருந்தால், அவர்களிடம் குழாயை மூடி வைக்கச் சொல்வதுதான் முதல் வேலை. பொறுப்பு யாருடையது என்பது அதற்குப் பிறகு.

பணத்தை 'மன்னிப்பு' என்று எழுதிக் கொடுப்பது

காரணம் தெளிவாகும் முன்பே ஏதாவது செய்ய மனம் வந்தால், தொகையையும் எதற்கு என்பதையும் குறிப்பிடுங்கள்: "தண்ணீர் வெளியேற்றிய கூலி 1,500 ரூபாயை எங்கள் நல்லெண்ணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற சேதம் பற்றி ஆய்வு முடிந்ததும் பேசுவோம்." பாலிசி இருந்தால் இதற்கும் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். கொடுத்த கையோடு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். நெருக்கடியில் இருப்பவரிடம் வற்புறுத்தி வாங்கியது என்று காட்டப்பட்டால் அந்தக் கையெழுத்து வழக்கில் நிற்காது. முழுத் தொகையும் பேசி முடிந்து, அவர் வீட்டில் படித்துப் பார்க்க ஒரு நாள் கொடுத்து, அதன்பின் வாங்கும் ரசீதில் தேதி, தொகை, எந்தெந்தச் சேதத்துக்கு என்ற மூன்றும் இருக்கட்டும். கீழ் வீட்டுக்காரரோடு தனியாகப் பேசி, அவர் பெயரில் தனி ரசீது வாங்குங்கள்; மேல் வீட்டுக்காரர் போடும் கையெழுத்து அவரைக் கட்டாது.