எல்லா ‘ஆமா’வும் ஆம் அல்ல: தொலைபேசிக் கணக்கெடுப்பின் பதிவை எண்ணிக்கையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நிவாரணப் பணம் இன்னும் வரலையா அண்ணே?”

“ஆமா தம்பி.”

இந்த இரண்டு வரியைக் கேட்டுவிட்டு ‘ஆம்’ கட்டத்தில் ஒரு கோடு போட்டால், பணம் வராதவர் வந்தவராகிவிடுவார். தமிழில் ‘ஆமா’ என்பது, கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் சொல். ‘வந்ததா’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றால் வந்தது. ‘வரலையா’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றால் வரவில்லை. கேள்வித்தாளில் ‘வந்ததா’ என்று அச்சாகியிருந்தாலும் பேட்டி எடுப்பவர் இருபதாவது அழைப்பில் அப்படியே வாசிக்க மாட்டார், பேச்சுவாக்கில் மாற்றிக் கேட்பார். பதிலை மட்டும் கேட்டு எழுதுபவருக்கு இது தெரியவே தெரியாது. அதனால் முதல் விதி இது: ஒவ்வொரு பதிலையும் அதற்கு முன் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதோடு சேர்த்தே கேட்க வேண்டும். ஐந்து விநாடி பின்னால் தள்ளிக் கேட்டால் போதும்.

‘இல்லை’ இதைவிட மோசம். ‘வரலையா’ என்றதற்கு “இல்ல, வந்துருச்சு” என்றும் சொல்வார்கள், “இல்ல, வரல” என்றும் சொல்வார்கள். வெறும் ‘இல்ல’ என்று நிறுத்திவிட்டால் அதற்கு எந்தப் பக்கமும் கிடையாது. அதை ஊகித்து நிரப்பக் கூடாது, ‘தெளிவில்லை’ என்று தனியாக எழுத வேண்டும். ‘ம்ம்’, ‘சரி சரி’ ஆகியவையும் பதில் அல்ல, காது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கான அடையாளம். அதன் பிறகு ஒரு முழுச் சொல் வருகிறதா என்று பாருங்கள்.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகு, ராமநாதபுரம் மாவட்டத்தின் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, தொண்டி பகுதிகளில் 60 பேரிடம் தொலைபேசியில் பேசியதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கேள்வி: தடைக்கால நிவாரணம் கணக்குக்கு வந்ததா? முதல் முறை எண்ணியபோது ஆம் 41, இல்லை 12, வெற்று 7. பதில் சொன்ன 53 பேரில் 41 பேர், அதாவது 77 சதவீதம் என்று அறிக்கை எழுதத் தயாராகிவிடுவார்கள்.

பதிவுகளைத் திரும்பக் கேட்டால், 9 அழைப்புகளில் கேள்வி ‘இன்னும் வரலையா’ என்று மாறியிருக்கிறது. அதில் 6 பேர் ‘ஆமா’ என்றவர்கள். ‘ஆம்’ பக்கம் விழுந்திருந்த அவர்கள் ‘இல்லை’க்குப் போக வேண்டும். 2 பேர் “இல்ல, வந்துருச்சு” என்றவர்கள். ‘இல்லை’யில் இருந்த அவர்கள் ‘ஆம்’க்கு வர வேண்டும். ஒருவர் வெறும் ‘இல்ல’, அவர் தெளிவில்லை. இப்போது ஆம் 37, இல்லை 15, தெளிவில்லை 1, வெற்று 7. கூட்டினால் 60. இந்தக் கூட்டல் ஒவ்வொரு கேள்விக்கும் 60 வராவிட்டால் எங்கோ ஒரு கோடு தொலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வெற்றுக் கட்டம் என்று ஒன்று கிடையாது

அந்த 7 வெற்றுக் கட்டங்களையும் திறந்து பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் 3 பேர் “கணக்கு வீட்டுக்காரம்மா பேர்ல, எனக்குத் தெரியாது” என்றவர்கள். 2 பேர் அந்த நிவாரணத்துக்கே உரியவர்கள் அல்ல. ஒருவர் பண விஷயம் பேச மாட்டேன் என்றவர். ஒருவரிடம் சிக்னல் போய்விட்டதால் கேள்வியே கேட்கப்படவில்லை. ஏழும் ஒரே வெற்றிடமாகத் தெரிந்தாலும் நான்கு வேறு செய்திகள்.

அதனால் தாளில் சொல்லாக எழுதாமல் எண்ணாக எழுதுங்கள்: 1 ஆம், 2 இல்லை, 5 கேட்கப்படவில்லை, 6 தெளிவில்லை, 7 பொருந்தாது, 8 தெரியாது, 9 மறுப்பு. ஓர் அழைப்புக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு பத்தி, பக்கத்திலேயே அந்தப் பதில் பதிவில் எந்த நிமிடம் எந்த விநாடியில் வருகிறது என்பதற்கு இன்னொரு பத்தி. பெயருக்குப் பதிலாக அழைப்பு எண் போதும். சொல்லாக எழுதினால் ‘ஆம்’ என்பதற்குப் பின் தெரியாமல் விழுந்த ஓர் இடைவெளி கூட அதை வேறு பதிலாக்கிவிடும். எண்ணும் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

அடுத்த தவறு எதனால் வகுப்பது என்பதில் நடக்கிறது. 37-ஐ 60-ஆல் வகுத்தால் 62 சதவீதம். பொருந்தாத இருவரைக் கழித்து 58-ஆல் வகுத்தால் 64. தெளிவாக ஆம், இல்லை சொன்ன 52 பேரால் வகுத்தால் 71. எதுவும் பொய் இல்லை, ஆனால் எது என்று சொல்லாமல் விடுவது பொய்க்குச் சமம். இந்தக் கேள்விக்கு 58-ஐ அடிப்படையாக வைப்பதே நியாயம். தெரியாது என்பதும் மறுப்பும் கூட, கேள்வி பொருந்தியவர்களின் நிலைதான். ஐந்தாம் கேள்வி F பத்தியில் இருந்தால்:

```
=COUNTIF(F2:F61,1)
=COUNTIF(F2:F61,1)/(COUNTA(F2:F61)-COUNTIF(F2:F61,7))
```

ஆறாவது கேள்வி, பணம் தடை முடியும் முன் வந்ததா பின் வந்ததா என்பது, ஐந்தில் ஆம் என்ற 37 பேருக்கு மட்டுமே. 21 பேர் ‘முன்பு’ என்றால் அது 37-ல் 57 சதவீதம். பழக்கதோஷத்தில் 60-ஆல் வகுத்தால் 35 என்று வரும். பாதிக்கு மேல் என்பது மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மீனவர் குடும்பத்துக்கு வரும் அரசுப் பணம் ஒன்றல்ல. தடைக்கால நிவாரணம், மீன்பிடி குறைந்த கால நிவாரணம், மீனவர் தாமும் கட்டும் சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று குறைந்தது மூன்று. “பணம் வந்துச்சு” என்பது எதைப் பற்றி? “எட்டாயிரம்” என்று தொகையும் சேர்த்துச் சொன்னால் தடைக்காலப் பணம் என்று பிடிக்கலாம். “நாங்க கட்டுன காசோட சேர்ந்து வந்துச்சு” என்றால் அது சேமிப்புத் திட்டம். தொகையோ பெயரோ இல்லாவிட்டால் 6 போட்டுவிட்டு, முடிந்தால் திரும்ப அழைத்துக் கேளுங்கள்.

எண்களைக் காதால் பிடிப்பதிலும் ஒரு பள்ளம். சாதாரண தொலைபேசி இணைப்பு உயர்ந்த ஒலிகளை வெட்டிவிடும், கடற்கரைக் காற்று சொல்லின் முதல் எழுத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது “…ண்ணூறு” மட்டும். எண்ணூறா, தொண்ணூறா? கிலோ விலையைச் சொல்கிறார் என்றால், முன்னால் சொன்னது விலை குறைந்த சூடை மீனா, விலை கூடிய சீலா மீனா என்று பின்னால் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும். விளங்காத எண்ணைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

திறந்த கேள்வி: சொல்லை அல்ல, காரணத்தைத் தொகுப்பது

கடைசிக் கேள்வி “தொழிலில் இப்போது பெரிய சிரமம் எது?” என்று வைத்துக்கொள்வோம். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ஒரே சொல் வந்த கருத்துகளை ஒரே குவியலில் போடுவது. இந்த மூன்றையும் பாருங்கள்.

“மடிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிடுறான், நமக்குப் பாடு இல்ல.”

“கச்சான் காத்து அடிக்குது, தென்கடல்ல எறங்க முடியல, பாடு இல்ல.”

“பாடு இருந்தும் இல்லாத மாதிரிதான், கம்பெனிக்காரன் சொல்றதுதான் வெலை.”

மூன்றிலும், வலையில் கிடைக்கும் மீனைக் குறிக்கும் ‘பாடு’ இருக்கிறது. ‘மீன்வரத்துக் குறைவு’ என்ற ஒரே தலைப்பில் போட்டால் கணக்கு சுத்தமாகத் தெரியும், ஆனால் உபயோகமில்லை. முதலாவது இழுவைமடி வலை போடுபவர்களோடு வரும் மோதல், இரண்டாவது காற்றும் கடலும், மூன்றாவது மீன் வாங்கும் கம்பெனி வைக்கும் விலை. பாடு என்பது விளைவு. தொகுக்க வேண்டியது அவர் சொல்லும் காரணத்தை. காரணமே சொல்லாமல் “பாடு இல்ல” என்று மட்டும் நிறுத்தியவருக்குத்தான் ‘மீன்வரத்துக் குறைவு, காரணம் சொல்லவில்லை’ என்ற தலைப்பு.

எழுதி எடுப்பவர் வெளியூர்க்காரர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராமேசுவரம் தீவில் வடகடல் என்றால் பாக் விரிகுடாப் பக்கம், தென்கடல் என்றால் மன்னார் வளைகுடாப் பக்கம். இதை ‘கடல்’ என்று சுருக்கி எழுதிவிட்டால், எந்தப் பக்கத்துச் சிரமம் என்பது தாளிலிருந்தே போய்விடும். பேசியவர் சொல்லையே எழுதுங்கள், நல்ல தமிழாக்கும் வேலை வேண்டாம்.

தலைப்புகளை முன்கூட்டியே அலுவலக மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். முதல் 15 கருத்துகளை ஒவ்வொன்றும் ஒரு சீட்டில் எழுதி, மேசையில் பரப்பி, காரணம் ஒத்தவற்றைச் சேருங்கள். ஆறு முதல் எட்டு குவியல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் வரையறை, எது சேரும், எது சேராது, ஒரு மாதிரி வாக்கியம் என்று எழுதி வைக்க வேண்டும். நாற்பதாவது அழைப்பில் புதிய தலைப்பு தேவைப்படலாம். கடல்பாசி எடுக்கும் பெண்கள் “தீவுக்குப் பக்கத்துல விட மாட்டேங்குறாங்க” என்பது அப்படி வரக்கூடியது. அப்போது முதல் 39-ஐயும் அந்தத் தலைப்போடு மறுபடி பார்க்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டால், பின்னால் பேசியவர்களுக்கு மட்டும் அந்தச் சிரமம் இருப்பதாகத் தோன்றும். ‘மற்றவை’ பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதற்குள் ஏதோ ஒரு தலைப்பு ஒளிந்திருக்கிறது.

பிறகு எண்ணும் முறை. 60 பேரில் 54 பேர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி 83 கருத்துகள் கிடைத்தன என்றால், எண்ண வேண்டியது ஆட்களை. கோபத்தில் ஒருவர் மடிக்காரரை ஐந்து முறை திட்டினாலும் அவர் ஒரே ஆள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பத்தி வைத்து, சொன்னவருக்கு 1, சொல்லாதவருக்கு 0 போடுங்கள். இழுவைமடி மோதலை 22 பேர் சொன்னால் 54-ல் 41 சதவீதம். ஒருவர் இரண்டு மூன்று தலைப்பில் வருவதால் எல்லாத் தலைப்பும் சேர்ந்து நூறைத் தாண்டும். அது பிழையல்ல, அட்டவணைக்கு அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பேட்டி எடுத்தவர் “டீசல், வெலை மாதிரி ஏதாச்சும்?” என்று எடுத்துக்கொடுத்த பிறகு வந்த ‘டீசல்’ தானாகச் சொன்னது அல்ல. அதற்கு 2 போட்டு, தானாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இரண்டு பேர் ஒரே 12 அழைப்புகளைத் தனித்தனியாகத் தொகுத்துப் பாருங்கள். மூன்று, நான்கில் வேறுபட்டால் ஆளைக் குறை சொல்வதைவிட வரையறையைத் திருத்துவதே வழி. பெரும்பாலும் ‘விலை’யும் ‘கடனும்’ உரசும் இடத்தில்தான் தகராறு வரும். முன்பணம் வாங்கியதால் அதே கம்பெனிக்கு, அது சொன்ன விலைக்கு மீனைப் போட வேண்டியிருக்கிறது என்பது விலையா, கடனா? எதுவானாலும் சரி, ஒரு முறை முடிவு செய்து எழுதிவைத்து எல்லா அழைப்பிலும் அதையே பின்பற்றுங்கள்.

அட்டவணையை அனுப்பும் முன் விசைப்படகு, நாட்டுப்படகு, பாசித் தொழில் என்று பிரித்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இழுவைமடி மோதலைச் சொன்ன 22 பேரும் நாட்டுப்படகுக்காரர்களாக இருந்தால், “மீனவர்களில் 41 சதவீதம்” என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு, அழைப்பில் இருந்த நாட்டுப்படகுக்காரர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் என்று எழுத வேண்டும்.