கையில் வந்தது 21,105, திருப்பிக் கேட்டது 30,000: ஜாயினிங் போனஸில் கையெழுத்திடும் முன்

அமெரிக்காவில் வேலைக்கு வருகிற நம்மவர்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவற்றை நான் மறுபடி எழுதப்போவதில்லை. ஆஃபர் லெட்டரின் பின்பக்கங்களில் இருக்கும் ஒரே ஒரு பத்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் படித்தும் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திட்டவன் நான்.

ஊரில் நோட்டீஸ் பீரியட், பாண்ட், ரிலீவிங் லெட்டர் ஆகியவற்றுக்குப் பயந்து பழகியவர்கள் நாம். இங்கே பெரும்பாலான வேலைகளில் அவை எதுவும் இல்லை. இரண்டு வாரம் முன்பு சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். அந்தச் சுதந்திரத்தைப் பார்த்து நான் அசட்டையாகிவிட்டேன். இங்கே ஆளைப் பிடித்து வைப்பது கடிதம் அல்ல, பணம். அதற்குப் பெயர் கிளாபேக், அதாவது கொடுத்த போனஸைத் திரும்பப் பெறும் உரிமை.

2022 ஆகஸ்டில் டெக்ஸஸில் எச்-1பி விசாவில் சேர்ந்தேன். ஜாயினிங் போனஸ் 30,000 டாலர். முதல் சம்பளத்தோடு வந்தபோது கூட்டாட்சி வருமான வரியாக 22 சதவீதம், அதாவது 6,600 டாலர் பிடித்திருந்தார்கள். போனஸ் போன்ற கூடுதல் ஊதியத்துக்கு வழக்கமாகப் பிடிக்கும் விகிதம் அது. சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் சேர்த்து 7.65 சதவீதமாக 2,295 போயிற்று. டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் கைக்கு 21,105 வந்தது. வீட்டு முன்பணம், பழைய கார் என்று அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டது.

2023 மே மாதம், ஒன்பது மாதம் முடிந்த நிலையில், வேறு வேலைக்கு மாறினேன். பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் போனஸைத் திருப்பித் தரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். மீதி மூன்று மாதத்துக்கு உரிய பங்கைக் கேட்பார்கள் என்றும், அதுவும் கைக்கு வந்த தொகையில்தான் என்றும் நானாக நினைத்துக்கொண்டேன். கடிதத்தில் இருந்ததோ 'மொத்தத் தொகை முழுவதும், முப்பது நாளுக்குள்' என்ற சொற்கள். நான் கண்ணாலும் பார்த்திராத 8,895 டாலரையும் சேர்த்து 30,000 கேட்டார்கள். கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் அதே பத்தியில் சம்மதித்திருந்தேன், பிடித்தார்கள்.

வரியாகப் போன பணத்தை நிறுவனம் ஏன் தானே மீட்டுக்கொள்ளாது என்ற கேள்விக்கு விடை நாட்காட்டியில் இருக்கிறது. போனஸ் கொடுத்த அதே ஆண்டில் டிசம்பர் 31க்குள் திருப்பித் தந்துவிட்டால், நிறுவனம் அந்த ஆண்டின் சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 படிவக் கணக்கையும் பிடித்த வரியையும் சரிசெய்துகொண்டு கைக்கு வந்த தொகையை மட்டும் வாங்க முடியும். ஆண்டு மாறிவிட்டால், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தத்தை மட்டும்தான் நிறுவனத்தின் வழியாக மீட்க முடியும். அதற்கு நாம் தனியாகக் கோரமாட்டோம் என்று எழுதித்தர வேண்டும். எனக்கு அந்த 2,295 வந்துசேர நான்கு மாதமும் எண்ணற்ற மின்னஞ்சல்களும் ஆயின. வருமான வரியாகப் போன 6,600ஐ நிறுவனம் தொடவே முடியாது. அது நமக்கும் வருமான வரித் துறைக்கும் இடையிலான கணக்கு.

அந்தக் கணக்குக்கு வழி வருமான வரிச் சட்டத்தின் 1341ஆம் பிரிவு. திருப்பித் தந்த தொகை 3,000 டாலருக்கு மேல் இருந்தால், பழைய ஆண்டில் அந்த வருமானமே இல்லாதிருந்தால் எவ்வளவு வரி குறைந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதைத் திருப்பித் தந்த ஆண்டின் வரிப் படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு எனக்குப் பொருந்திய விகிதமும் 22 சதவீதமாகவே இருந்ததால் 6,600 முழுவதும் வந்தது. ஆனால் 2024 வசந்தத்தில்தான் வந்தது. அதுவரை அது என் கடன் அட்டையில் வட்டியோடு நின்றது. தொகை 3,000 அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த வழியும் இல்லை, கட்டிய வரி போனதுதான்.

ஆகவே கையெழுத்திடும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, திருப்பித் தரவேண்டியது வரிக்கு முந்தைய தொகையா, பிந்தைய தொகையா என்பது. 'வரி போகக் கைக்கு வந்த தொகை' என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, மாதந்தோறும் கடன் குறைகிறதா என்பது. இந்த இரண்டும் என் கடிதத்தில் இருந்திருந்தால், பன்னிரண்டில் மூன்று பங்குக்கு நான் தந்திருக்க வேண்டியது 5,276 டாலர். வேலை செய்ததோ அதே ஒன்பது மாதம்.

மூன்றாவது, 'எந்தக் காரணத்தினால் விலகினாலும்' என்ற தொடர். அது இருந்தால் அவர்களே ஆட்குறைப்பில் அனுப்பினாலும் பணம் கேட்கலாம். எச்-1பியில் வேலை போனவருக்குப் பொதுவாகக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்தில் இந்தக் கடிதமும் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். 'தாமாக விலகினால், அல்லது ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டால் மட்டும்' என்று மாற்றக் கேட்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

கலிஃபோர்னியாவுக்குப் போகிறவர்களுக்கு நிலைமை சற்று நல்லது. 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், ஜாயினிங் போனஸைத் திரும்பக் கேட்கவேண்டுமென்றால் அது தனி ஒப்பந்தமாக இருக்கவேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள ஐந்து வேலைநாள் தரவேண்டும், காலம் இரண்டு ஆண்டுக்கு மிகக்கூடாது, கேட்கும் தொகை மீதிக் காலத்துக்கு ஏற்பக் குறையவேண்டும், வட்டி கூடாது. பணத்தைக் காலம் முடிந்தபின் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பையும் ஊழியருக்குத் தரவேண்டும். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இதையே கேட்டுப் பார்க்கலாம்.

விசாச் செலவையும் இதே பத்தியில் நுழைப்பார்கள். எச்-1பி மனுவுக்கான நிறுவனத்தின் கட்டணத்தையும் வழக்கறிஞர் செலவையும் ஊழியரிடம் வசூலிக்கக்கூடாது. கிரீன் கார்டுக்கு முதலில் தொழிலாளர் துறையிடம் சான்று வாங்கும் பெர்ம் கட்டச் செலவுக்கும் இதே விதிதான். அதற்குப் பிந்தைய கட்டங்களின் செலவைக் கேட்கலாம் என்பதால் எது எதற்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

வேலையில் இருப்பவரை விலகாமல் வைத்திருக்கத் தரும் ரிடென்ஷன் போனஸில் பொறி வேறு பக்கம் இருக்கிறது. முன்னதாகக் கொடுத்தால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். கடைசியில் கொடுப்பதாக இருந்தால் திருப்பித் தரும் பேச்சில்லை. ஆனால் 'பணம் வழங்கும் நாளில் பணியில் இருக்கவேண்டும், விலகல் கடிதமும் கொடுத்திருக்கக்கூடாது' என்று இருக்கும். தவணை முடிவது ஜூன் 30, பணம் வருவது ஆகஸ்ட் சம்பளத்தில் என்றால், இருக்கவேண்டிய காலம் ஆகஸ்ட் வரை.

இப்போதுள்ள வேலையில் சேரும்முன் இந்த மூன்று திருத்தங்களையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: மாதக்கணக்கில் குறைப்பதையும் ஆட்குறைப்பு விலக்கையும் ஏற்றார்கள், வரிக்குப் பிந்தைய தொகை என்பதை மட்டும் மறுத்தார்கள். அதனால் அந்தப் போனஸைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, பன்னிரண்டாம் மாதம் முடியும்வரை தொடாமல் வைத்திருந்தேன்.