67 சதவீதம், ஆனால் எதில்? பேஸ்லைன் அறிக்கையைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திட்டம் தொடங்கும் முன் இருக்கும் நிலையை அளந்து தொண்டு நிறுவனங்கள் எழுதும் பேஸ்லைன் அறிக்கையில் பிழை பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் நுழைவதில்லை. கணக்கைச் சொல்லாக மாற்றும் இடத்தில்தான் நுழைகிறது. அதனால் 'கண்டறிந்தவை' பகுதியைத் திருத்துகிறவர், மொழியில் கைவைக்கும் முன் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்று பென்சிலால் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியாத எண் அறிக்கையில் இருக்கக் கூடாது.

விளக்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கழிப்பறைப் பயன்பாட்டுத் திட்டம் ஒன்று 40 குக்கிராமங்களில் தொடங்கப்போகிறது. அவற்றில் 16ஐக் குலுக்கலில் எடுத்து, ஊருக்கு 20 வீடு வீதம் 320 வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன; 312 வீடுகளில் பேட்டி முடிந்தது. வரைவறிக்கை இப்படிச் சொல்கிறது:

"மாவட்டத்தில் 68% குடும்பங்களிடம் கழிப்பறை உள்ளது. 67% குடும்பங்களில் அனைவரும் எப்போதும் கழிப்பறையைப் பயன்படுத்துகின்றனர். பயன்படுத்தாமைக்கு விழிப்புணர்வு இன்மையே முக்கியக் காரணம். 32% பேர் மட்டுமே தண்ணீர்ப் பற்றாக்குறையைக் குறிப்பிட்டனர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் கழிப்பறை வசதி 22% குறைவு."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா வாக்கியத்திலும் சிக்கல் இருக்கிறது.

வகுத்த எண் எது?

கழிப்பறை இருப்பது 312இல் 212 வீட்டில். அது 68%தான், சரி. அடுத்த கேள்வி, 'வீட்டில் எல்லோரும் எப்போதும் பயன்படுத்துகிறீர்களா?' என்பது. கழிப்பறை இல்லாத 100 வீடுகளில் இதைக் கேட்கவே மாட்டார்கள். படிவம் அதைத் தாண்டிப் போய்விடும். 'ஆம்' என்றவர்கள் 141 பேர். 212ஆல் வகுத்தால் 67%. 312ஆல் வகுத்தால் 45%. வரைவு முதல் எண்ணை எடுத்து, இரண்டாவதற்கு உரிய வாக்கியத்தில் வைத்துவிட்டது.

இது கவனக்குறைவு மட்டுமல்ல, எக்செல் செய்யும் வேலையும்தான். கேட்கப்படாத கேள்விக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும். `COUNTA` காலிக் கட்டங்களை எண்ணாது.

```
=COUNTIF(H2:H313,"yes")/COUNTA(H2:H313)
=COUNTIF(H2:H313,"yes")/ROWS(H2:H313)
```

முதல் வரி 67% தரும், இரண்டாவது 45% தரும். இரண்டும் உண்மையான எண்களே. சொல்லும் செய்தி வேறு. எதை எடுத்தாலும் 'கழிப்பறை உள்ள 212 வீடுகளில்' அல்லது 'பேட்டி கண்ட 312 வீடுகளில்' என்ற சொற்கள் வாக்கியத்துக்குள்ளேயே வர வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல. பேஸ்லைனில் இதற்குத் தனி ஆபத்து உண்டு. மூன்று வருடம் கழித்து, திட்ட முடிவில் எண்ட்லைன் கணக்கெடுப்பு எடுப்பவர் எல்லா வீடுகளையும் வைத்து வகுத்து 60% என்று எழுதினால், 45இலிருந்து ஏறிய திட்டம் 67இலிருந்து இறங்கியதாகத் தெரியும்.

ஒன்றுக்கு மேல் பதில் சொல்லலாம் என்றால்

கழிப்பறை இருந்தும் 'ஆம்' சொல்லாத மீதி 71 வீடுகளிடம் காரணம் கேட்டார்கள். எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். தண்ணீர் இல்லை என்றவை 38 வீடுகள், வெளியே போவதே பழக்கம் என்றவை 31, குழி நிரம்பிவிடும் என்ற பயம் 29, கதவோ கூரையோ சரியில்லை என்றவை 22. மொத்தம் 120 பதில்கள். வரைவு எழுதியவர் 38ஐ 120ஆல் வகுத்ததால் 32% வந்தது. அது பதில்களில் பங்கு. '32% பேர்' என்று எழுத அதில் இடமில்லை. 71 வீடுகளில் 38 என்றால் 54%, பாதிக்கு மேல். இப்படிப்பட்ட கேள்வியில் வீடுகளை வைத்துப் போட்ட சதவீதங்களைக் கூட்டினால் 100ஐத் தாண்டுவது இயல்பு. அழகாக 100இல் வந்து நின்றால் சந்தேகப்படுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு 'விழிப்புணர்வு இன்மை'. படிவத்தில் அப்படி ஒரு விடையே இல்லை. 'பழக்கம்' என்ற விடையை யாரோ பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஏனென்றால் திட்ட முன்மொழிவில் விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியாகிவிட்டது. பல அறிக்கைகளில் முடிவு முதலில் எழுதப்பட்டு, தரவு அதற்குப் பின்னால் வந்து சேர்கிறது என்பதே எங்கள் அனுபவம். திருத்துபவர் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அறிக்கையில் வரும் ஒவ்வொரு காரணமும் விடைப் பட்டியலில் எந்தச் சொற்களில் இருந்தது என்று பார்க்க வேண்டும். இங்கே தரவு காட்டுவது தண்ணீரை. கூட்டம் போட்டால் தண்ணீர் வராது.

'பயன்படுத்துகின்றனர்' என்ற வினைமுற்றும் அளவை மீறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார், யாரும் பார்க்கவில்லை. 'பயன்படுத்துவதாகக் கூறினர்' என்பதே தரவின் எல்லை. கணக்கெடுப்பாளர் கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்திருந்தால் அதைத் தனி வாக்கியமாகச் சொல்லலாம்.

23 வீடுகளை வைத்து

பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் 23. அவற்றில் 11இல் கழிப்பறை உண்டு, 48%. மற்ற 289இல் 201, அதாவது 70%. இடைவெளி 22 சதவீதப் புள்ளி. '22% குறைவு' என்று எழுதினால் 70இல் 22 சதவீதத்தைக் கழிக்கச் சொல்வதாகிவிடும். அப்படிப் பார்த்தால் உண்மையில் குறைவு 31%. அதைவிட முக்கியம், 23இல் ஒரே ஒரு வீடு மாறினாலே எண் நான்கு புள்ளிக்கு மேல் நகரும். இவ்வளவு சிறிய குழுவுக்குச் சதவீதம் போடாமல் '23இல் 11' என்று எழுதிவிடுவது நேர்மை.

மாவட்டம் எங்கிருந்து வந்தது?

குலுக்கல் நடந்தது 40 திட்ட ஊர்களுக்குள்தான். ஆகவே இந்த எண் அந்த 40 ஊர்களுக்கு மட்டுமே பேசும். அதுவும் துல்லியமாக அல்ல. 312 வீடுகளையும் தனித்தனியே குலுக்கி எடுத்திருந்தால் 68%க்குப் பிழை எல்லை ஏறக்குறைய 5 புள்ளி. ஆனால் ஒரே ஊர் வீடுகள் ஒன்றுபோல் இருக்கும். ஒரு ஊருக்கு அரசுத் திட்டத்தில் கழிப்பறை வந்திருந்தால் வரிசையாக எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். ஊருக்குள் இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளந்து, அது வெறும் 0.1 என்று வைத்தாலே எல்லை 9 புள்ளியாக விரிகிறது, அதாவது 59 முதல் 77 வரை. 67.9% என்று தசமம் போடுவது இங்கே வேடிக்கை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்ட எண்ணோடு ஒப்பிடும் ஆசையும் வரும். 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றின் மாவட்டத் தாளில் இருப்பது, மேம்பட்ட, வேறு வீட்டாரோடு பகிராத கழிப்பறையைப் பயன்படுத்தும் வீடுகளில் வாழும் மக்களின் சதவீதம். நம்முடையது கழிப்பறை இருக்கும் வீடுகளின் சதவீதம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தக் கூடாது.

திருத்திய பத்தி இப்படி வரும்:

"திட்டத்தின் 40 குக்கிராமங்களில் குலுக்கலில் தேர்ந்த 16இல், பேட்டி கண்ட 312 வீடுகளில் 212இல் (68%) கழிப்பறை உள்ளது. எல்லோரும் எப்போதும் பயன்படுத்துவதாக 141 வீட்டார் கூறினர். இது பேட்டி கண்ட 312 வீடுகளில் 45%, கழிப்பறை உள்ளவற்றில் 67%. கழிப்பறை இருந்தும் அப்படிப் பயன்படுத்தாத 71 வீடுகளில் 38 தண்ணீர் இல்லாததையும் 31 பழக்கத்தையும் காரணமாகக் கூறின (ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் உண்டு). பெண்கள் தலைமை தாங்கும் 23 வீடுகளில் 11இல் கழிப்பறை உள்ளது. எண்ணிக்கை குறைவு என்பதால் ஒப்பீடு செய்யவில்லை."